வேன் மாமாவின் இடது பக்கம்

பள்ளிக்கூட வேனில் ஓட்டுநரான புருஷனுக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. பிள்ளைகள் அவரை வேன் மாமா என்றார்கள், அவளை வேன் அத்தை என்றார்கள். சொந்தப் பேர் வீட்டிலேயே வழக்கொழிந்து போய், சில நாள் அவரும் அவளை "அத்தை" என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

மகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் தனியாக என்ன செய்வது என்று வந்து ஏறிக்கொண்டவள்தான். கதவைத் திறப்பது, பையை வாங்குவது, இறங்கும் பிள்ளையைச் சாலை தாண்டவிடுவது, இவ்வளவுதான் வேலை. இடது பக்கம் பார்ப்பது அதில் சேர்த்தியில்லை. யாரும் சொல்லவுமில்லை. நாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது.

"பைக்கு வருது."

"நாய் படுத்திருக்கு, கொஞ்சம் ஒதுங்குங்க."

"இப்பப் போங்க."

அவர் சிரிப்பார். "ஹாரன் ரிப்பேர் ஆனாலும் எனக்குக் கவலையே இல்ல. ரெண்டாவது ஒண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்கு, ஸ்விட்சுதான் எங்க இருக்குன்னு தெரியல."

"ஸ்விட்ச் இருந்தா என்னைக்கோ ஆஃப் பண்ணியிருப்பீங்க" என்பாள். பின்னால் பிள்ளைகளும் சிரிக்கும், புரிந்தாலும் புரியாவிட்டாலும்.

அவர் பார்வை மங்க ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் சொல்வது கடினம். மழைக்கால மாலைகளில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பஞ்சு பிய்த்துப்போட்டதுபோல் சிதறுகிறது என்றார். வெள்ளைச் சட்டை பழுப்பேறிவிட்டது, நீ சரியாகத் துவைப்பதில்லை என்று சண்டை போட்டார். சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. கண்ணாடி மாற்றினார்கள், கொஞ்ச நாள் தெளிவு, மறுபடி மங்கல், மறுபடி கண்ணாடி. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "புரை வந்திருக்கு, ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார்.

கடைக்காரர் சொன்னது உண்மைதான். அதுதான் பின்னால் அவளுக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒருவர் மேல் கோபப்பட்டாவது ஆறியிருக்கலாம்.

புரை என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அவருடைய அண்ணனுக்கு அதேதான் வந்தது. காலையில் போய், மதியம் கண்ணில் மூடி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் மூடியை எடுத்ததும் தம்பி பெண்டாட்டியான அவளைப் பார்த்து, "அடடா, உனக்கு இவ்வளவு நரைச்சிடுச்சாம்மா?" என்றார். அப்படி ஒரு வியாதி வந்தால் கொடுத்துவைத்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். இப்போதே எடுத்தால் வேனை யார் ஓட்டுவது? வருஷ லீவு வரட்டும், அதற்குள் நன்றாகப் பழுத்தும்விடும் என்றார் அண்ணன். பழுக்கவேண்டியது பழமா, கண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் கண்ணைப் பற்றிய எல்லாவற்றையும் அவள் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டாள். அவர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டால் புரை. சாப்பிடும்போது இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால் புரை. அவள் அந்தப் பக்கமாக வந்து நின்றால் அவர் திடுக்கிட்டுத் திரும்பி, "எங்கிருந்துதான் வருவியோ!" என்று கத்தினாலும் புரை. மங்கலாகத் தெரிகிற மனுஷனுக்கு டம்ளர் மங்கலாகவாவது தெரியவேண்டுமே என்று அவளுக்குத் தோன்றியதா? தோன்றியிருக்கவேண்டும். டம்ளரை வலது பக்கம் மாற்றி வைத்தாளே. கை கண்டுபிடித்துவிட்டதை மனசு கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே ஒரு நாள் அவள் வேனில் ஏறவில்லை. அன்றைக்குப் பார்த்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற வழியில், இடது பக்கம் வந்த ஸ்கூட்டர்காரரை உரசித் தள்ளிவிட்டார். அந்த ஆளுக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. வேனின் இடது கண்ணாடி உடைந்து தொங்கியது.

"எங்கிருந்தோ வந்தான்" என்றார் வீட்டுக்கு வந்து. "சத்தியமா அவன் அங்க இல்ல. இல்லாத இடத்துல இருந்து வந்தான்."

மகள் போனில் அழாக்குறையாகச் சொன்னாள். "அம்மா, புரை முத்திடுச்சு. லீவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே கூட்டிட்டுப் போ."

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஒற்றைக் கண்ணில் மூடி போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்து உற்சாகமாகிவிட்டார். "எல்லாரும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரியே இருக்கு" என்று காதோடு சொன்னார். அவளும் சிரித்தாள். ஆபரேஷன் தேதி வாங்க வந்தவர்களின் சிரிப்பு அது.

பரிசோதிக்கிற பெண் சின்னவள், வேலையில் கெட்டி. ஒரு கண்ணை மறைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். பாதி வரை தடுமாறிப் படித்தார். சிறு துளைகள் போட்ட கறுப்புத் தட்டின் வழியாகப் பார்க்கச் சொன்னாள். இன்னும் ஒரு வரி படித்தார். மற்றக் கண்ணிலும் ஏறக்குறைய அதே அளவு. "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு ஐயா" என்றாள். அவர் பாஸான பிள்ளைபோல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்து அந்தப் பெண் சின்ன டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தாள், சட்டென்று இடது கண்ணுக்கு மாற்றினாள், மறுபடி வலது, மறுபடி இடது. நிறுத்தினாள். இன்னொரு தடவை செய்தாள். எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி, நின்றபடியே டார்ச்சை வாங்கி அதையே செய்தார். வலது, இடது. வலது, இடது. கடைப்பலகையில் தராசு முள் ஆடுவதைப் பார்ப்பதுபோல் பக்கத்தில் இருந்த மனைவி அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் வெளிச்சம் பட்டதும் நடுவில் இருந்த கறுப்பு வட்டம் குறுகியது. இடது கண்ணுக்கு வந்ததும் அது குறுகவில்லை. வெளிச்சத்தைக் கண்டு, இருட்டுக்கு வந்ததுபோல் மெல்ல விரிந்தது.

"புரையால இப்படி ஆகுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆகாதும்மா" என்றார் டாக்டர். "புரை எவ்வளவு கெட்டியா இருந்தாலும், வெளிச்சம் உள்ள போறதை நரம்பு சொல்லிடும், கண்ணுப் பாப்பா சுருங்கும். மங்கலா தெரியறது வேற, நரம்பு சொல்லாம இருக்கறது வேற. இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுத்துடலாம்."

கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். எண்ணைக் கேட்டதும் டாக்டர் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னார். பிறகு அரையிருட்டு அறை ஒன்றில், வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவியில் அவர் முகவாயை வைத்து உட்காரவைத்தார்கள். ஒரு கண்ணை மூடினார்கள். கையில் ஒரு பொத்தான்.

"நேரா நடுவுல உள்ள புள்ளியையே பாருங்க ஐயா. சுத்தி எங்கயாவது சின்ன வெளிச்சம் தெரிஞ்சா பொத்தானை அமுத்துங்க. தேடக்கூடாது. தெரியலைன்னா அமுத்த வேண்டாம். எல்லாம் எல்லாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க."

வலது கண்ணை முதலில் பார்த்தார்கள். கருவி ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மெல்லிசாக முனகியது. முனகல், பொத்தான். முனகல், பொத்தான். சில இடங்களில் முனகல் மட்டும். அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கண்ணுக்கு வந்தபோது முனகல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. பொத்தான் வாயடைத்துக்கொண்டது. ஏதாவது ஒன்றுக்கு, தூரத்துக் கதவு தட்டுவதுபோல், ஒரு டிக். மறுபடி நீண்ட மௌனம். அவர் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தாள். இல்லை, முதுகு விறைப்பாக இருந்தது. வேனை நெரிசலில் ஓட்டும்போது இருக்குமே, அந்த விறைப்பு.

அவளுக்கு நாக்கு துடித்தது. எத்தனை வருஷப் பழக்கம். அவருக்குத் தெரியாத ஒன்று அவர் பக்கத்தில் வருகிறது, சொல்ல அவள் இருக்கிறாள்.

"ஏங்க, பாருங்க..." என்றுவிட்டாள்.

"அம்மா!" என்றாள் அந்தப் பெண். "பேசக்கூடாது. அவருக்கே தெரியணும்."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அங்கே அவளுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கருவி முனகிக்கொண்டே போனது.

அப்புறம் மருந்துவிட்டுக் கண்மணியை விரியவைத்து, டாக்டர் வெகுநேரம் உள்ளே பார்த்தார். விளக்கைப் போட்டு, நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்கு ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணு புரை. விளக்கு சிதறுறது, வெள்ளை பழுப்பா தெரியறது, அடிக்கடி கண்ணாடி மாறுறது எல்லாம் அதனால. அதை எடுக்கலாம். இன்னொண்ணு கண் அழுத்தம், கிளாக்கோமான்னு சொல்லுவோம். வலிக்காது, சிவக்காது. உள்ள பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். ஓரத்துல இருந்து ஆரம்பிக்கும். இடது கண்ணுல நடுவுல ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். வலது கண்ணுலயும் மூக்குப் பக்கம் போக ஆரம்பிச்சிருக்கு. அதனால ரெண்டு கண்ணையும் திறந்தாலும் உங்க இடது பக்கத்துக்குக் காவல் இல்ல."

"ஆனா எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே டாக்டர்?" என்றார் அவர். குரலில் நியாயம் கேட்கிற தொனி.

"தெரியாது. உங்க முதுகுக்குப் பின்னாடி கறுப்பா தெரியுதா? அது மாதிரிதான். அங்க ஒண்ணும் இல்லைங்கறதே தெரியாது."

அவர் யோசித்தார். "சரி, புரையை எடுத்துட்டா?"

"மங்கல் போகும். கண் கூசுறது குறையும். போன பக்கம் வராது. வண்டி முன்கண்ணாடி அழுக்கா இருந்தா துடைச்சிடலாம். உள்ள வயர் அறுந்துபோனா துடைச்சு என்ன பண்றது?"

"அப்ப வயரை மாத்திடுங்களேன்" என்றார், சிரித்தபடி. பேரம் பேசித் தீர்க்க முடியாத விஷயம் அவர் வாழ்க்கையில் இதுவரை வந்ததில்லை.

"மாத்தற வயர் இல்ல ஐயா இது. சொட்டு மருந்து தரேன், தினமும் தவறாம விடணும். இருக்கறதைக் காப்பாத்தலாம். அழுத்தம் இறங்கட்டும், அப்புறம் புரையைப் பத்தி யோசிப்போம். உங்க பொண்ணையும் ஒரு தடவை அழுத்தம் பார்த்துக்கச் சொல்லுங்க, இது குடும்பத்துல வரும்." பிறகு நிறுத்தி, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார்.

"ஸ்கூல் வேன் ஓட்டறேன்."

டாக்டரின் பேனா நின்றது. "வேன்ல கூட யாரு இருப்பாங்க?"

"வீட்டம்மாதான். இடது பக்கம் எல்லாம் இவ பார்த்துக்குவா. இவ இருந்தா ஒரு கீறல் கிடையாது, கேட்டுப்பாருங்க." பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அதில் குற்றம் சொல்வது இல்லை, பரிதாபம் இருந்தது. அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டே வந்தாள், பைக்கு வருது, நாய் படுத்திருக்கு, இப்பப் போங்க. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எங்கேயாவது ஒரு தூணில், ஒரு சுவரில், பிள்ளைகள் இல்லாத ஏதோ ஒரு வேளையில், உரசியிருப்பார். அப்போதே இங்கே வந்திருப்பார்கள். வட்டம் அப்போது பெரிதாக இருந்திருக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்று ஊர் சொல்லும்; அவள் அந்தப் பூதத்துக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

"ஓட்டக்கூடாதும்மா" என்றார் டாக்டர், அவளிடம். "இன்னைக்கே நிறுத்தணும்."

திரும்பும்போது அவர் கண்மணிகள் விரிந்தபடியே இருந்தன. வெயில் கூசி, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தபடி நடந்தார். அவள் இடது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார்.

"ரெண்டே மாசம். பரீட்சை முடியட்டும். நடுவுல விட்டா அந்தக் குழந்தைங்க எப்படிப் போகும்?"

அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. தலைவலின்னு போனா தலையையே ஆட்டாதேன்னுவாங்க. நான் தனியா ஓட்டறேன்னா சொல்றேன்? நீ பக்கத்துல உக்காந்தா போதும். இத்தனை நாளும் அப்படித்தானே ஓட்டினோம்? எப்பவாவது தப்பு நடந்திருக்கா, சொல்லு."

நடக்கவில்லைதான். அவருடைய ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தது, கணக்கு மட்டும் தப்பாக வந்தது. அவள் தும்மினால்? பின்னால் ஒரு பிள்ளை அழுது அவள் திரும்பிப் பார்த்தால்? அந்த ஒரு நொடியில் அந்த வேன் யாருடைய கண்ணால் ஓடும்? இத்தனை நாளும் அப்படித்தானே ஓடியிருக்கிறது. எத்தனை நூறு தடவை அவள் திரும்பியிருப்பாள், மூக்கு துடைத்திருப்பாள், தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

வீட்டில் சாயங்காலம் சொட்டு மருந்து விட்டாள். அவர் கட்டிலில் படுத்து மேலே பார்த்தார். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு. கண்ணை மூடச் சொல்லி மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டாள், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. அந்தப் பெண் கற்றுக்கொடுத்தபடி.

"இதை விட்டா தெரியுமா?" என்றார் மூடிய கண்ணோடு.

"இருக்கறது போகாதுங்க."

"அதான் கேக்கறேன். தெரியுமா?"

அவள் விரலை எடுக்கவில்லை. அவருடைய மூக்கோரத்தில் நாடி அடிப்பது விரலில் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்து, இவ்வளவு கவனமாக இருந்து, அவளால் தொட முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவர் அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம். எட்டிப்பார்த்தாள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் பளபளத்தது. இடது பக்கம் முன்சக்கரத்தருகில் அகலமாக ஒரு சேற்றுப்பட்டை அப்படியே விடுபட்டிருந்தது. அது தன் இடது கைப்பக்கம் இருக்க, அவர் நின்று துணியைப் பிழிந்தார், திருப்தியாக.

சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது.

"ஏறு, நேரமாகுது. முதல் பிள்ளை வாசல்ல நின்னுடும்."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். ஏறினால் ஓட்டுவார். ஏறாவிட்டால்? அவர் பிடிவாதம் அவளுக்குத் தெரியும், தனியாகவே எடுத்துவிடுவார். அவரிடம் சொல்ல வேறு ஒரு வார்த்தையாவது கிடைக்குமா என்று தேடினாள். நேற்று டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதுக்குள் போய்ச் சேரவில்லை. அவள் சொல்வது மட்டும் சேருமா? கல்யாணமான இந்த முப்பத்தைந்து வருஷமும் அவர் கேட்டது அவளுடைய ஒரு குரலைத்தான், அந்தக் குரல்தான் அவரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

போனை எடுத்தாள்.

"யாருக்கு இப்ப? அப்புறம் பேசிக்கலாம், ஏறும்மா."

முதல் வீட்டுத் தாய் எடுத்தாள். "சொல்லுங்க அத்தை, பாப்பா ரெடி, ஷூ மட்டும் போடணும்."

"இன்னைக்கு வேன் வராதுமா" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "நீங்களே கொண்டுவிட்டுடுங்க."

வேனுக்குள் அவர் தலை திரும்பியது.

"ஐயோ, வண்டி ரிப்பேரா அத்தை?"

"இல்லமா. வண்டி நல்லாத்தான் இருக்கு."

அடுத்த எண். அடுத்தது. ஒருத்தி திட்டினாள், ஆபீஸுக்கு லேட்டாகும், முன்னாடியே சொல்லக்கூடாதா என்று. ஒருத்தி மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவள் எல்லாருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கியர் போடவில்லை. கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவரை ஏமாற்றுவதாக ஆகும் என்று தோன்றியது. நடுவில் ஒருமுறை அவர், "ஏம்மா..." என்று தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்படி அவரை அவள் நிறுத்தியதே இல்லை. அவரும் நின்றுவிட்டார், அடிபட்ட மாதிரி.

கடைசி வீடு. எடுத்தது குழந்தையே, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற பிள்ளை அது. "அத்தை, ஏன் வரல?"

"மாமாவால முடியலடா கண்ணு."

"அப்ப நாளைக்கு வருவீங்களா?"

அவள் வேனைப் பார்த்தாள். அவர் இப்போது அவளைப் பார்க்கவில்லை, முன்கண்ணாடி வழியாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார், சாலையில் ஏதோ ஓடிக்கொண்டிருப்பதுபோல.

"நாளைக்கும் வரமாட்டோம்" என்றாள்.

என்ஜின் நின்றது. அவர் சாவியை எடுத்தாரா, அப்படியே விட்டாரா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. குழந்தை போனில் இன்னும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.